ஒரு பக்டரி வந்தால் திருப்பூர் ஆகிவிடுமா?

எங்கட பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலை திறந்தால் உடனே "இது இனிக் குட்டித் திருப்பூர்தான்" எண்டு கதைக்கிற ஆக்கள் இருக்கினம். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருப்பூரிலும் பெரிய பக்டரிகள் இருக்கு. ஆனால் அந்த ஊரைத் தூக்கி நிறுத்தினது ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள்தான்.

ஒரு டீசேர்ட் ஓடர் வருது எண்டு வையுங்கோ. ஓடர் எடுத்தவரிடம் தையல் மெஷின்கள் மட்டும் இருந்தாலும் போதும். நூலை வாங்கி ஒரு நிட்டிங் பட்டறையில் கொடுப்பார். அங்கே துணியாகும். அது சாயப்பட்டறைக்குப் போகும், பிறகு சுருங்காமல் இருக்கக் கொம்பாக்டிங். வெட்டித் தைத்த பிறகு பட்டன் வைக்க ஒரு இடம், பிரிண்ட் அடிக்க இன்னொரு இடம். ஒவ்வொன்றும் வேறு வேறு முதலாளி, கூலிக்குச் செய்யிற வேலை. இதை அங்கே 'ஜாப் வொர்க்' எண்டு சொல்லுவினம். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் துணியில் நெடுக ஒரு கோடு விழும். புது ஊசி அதே ஊரில் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவரும் பக்கத்தில் இருப்பார். அதனால்தான் பெரிய முதல் இல்லாதவரும் நாலு மெஷினோடு தொழிலுக்குள் இறங்கலாம். தொழில் தெரிந்த ஆக்கள், துணைத் தொழில்கள், காற்றோடு பரவுகிற தொழில் ரகசியம் எண்டு இந்த மூன்றையும் அல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே எழுதிவிட்டார்.

ஆனால் இந்தப் பிணைப்புக்கு ஒரு விலை உண்டு. பருத்தியில் சாயம் ஏற நிறைய உப்புப் போடவேணும். ஒரு பட்டறையின் உப்புத் தண்ணியை ஆறு தாங்கலாம். நூற்றுக்கணக்கான பட்டறைகளின் தண்ணியை நொய்யல் ஆறு தாங்கவில்லை. கீழே இருந்த வயல்களும் கிணறுகளும் கெட்டன, விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடினது சாயம் மட்டும்தான், ஆனால் முன்னால் நெய்கிறவனுக்கும் பின்னால் தைக்கிறவனுக்கும் வேலை நின்றது. துணியைத் தூர ஊர்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டால் செலவும் நாளும் கூடின. தண்ணியை வடித்து, மிச்ச உப்புநீரைக் காய்ச்சி உப்பை மீட்கிற நிலையம் ஒரு சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. பலர் சேர்ந்து பொது நிலையம் வைத்தால்தான் முடியும். அதுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேணும் பாருங்கோ!

எங்கட ஊர் பக்டரிக்குத் துணி வெளியால இருந்து வரும், தைத்தது கொழும்புக்குப் போகும். அங்கே பத்து வருசம் தைத்த அக்கா வேலையை விட்டால், அதே கைத்திறனுக்குக் காசு தர நடந்து போற தூரத்தில் இன்னொரு வாசல் இருக்கா? பட்டன் வைக்கவோ பிரிண்ட் அடிக்கவோ வெளியே ஒரு பட்டறைக்காவது அந்த பக்டரி வேலை கொடுக்குதா? திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுறவையிட்ட நான் கேட்கிறது இந்த இரண்டும்தான்.