உம்மா வாப்பாவுக்கு ஒரு பாட்டு



இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் குடும்பம் கிண்ணியாவில் ஒன்றுகூடியது. தீனை முதலில் கற்றுத் தந்த உம்மா வாப்பாவுக்கு நன்றி சொல்லி ஒரு பாட்டுப் படிப்போம் என்று சகோதரங்கள் நாங்கள் முடிவெடுத்தோம். வாப்பா மௌத்தாகி நாலு வருசம். உம்மா கேட்க இருக்கிறா.

முதலில் எழுதியது சினிமாப் பாட்டு மெட்டுக்கு. 'எங்கள் சுவர்க்கமே, எங்கள் ஒளியே' என்று போனது. உம்மா கேட்டுவிட்டு, "இத யார்ர உம்மாவுக்கும் படிக்கலாமே மகன்" என்றா. உண்மைதான். அதோடு, பெற்றோரைப் புகழப் போய் படைத்தவனுக்குரிய சொல்லை அவர்களுக்குச் சூட்டிவிடுகிறோம். இப்போது வாற பல பாட்டுகளில் இந்தக் குறையை நாங்கள் காண்கிறோம். புகழை விட்டு, அவர்கள் செய்ததைச் சொன்னால் போதும்.

என்ன செய்தார்கள் என்று உட்கார்ந்து யோசித்தோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போக கடலைக் கடக்க வேண்டும். வாப்பா துறைமுகத்து வேலைக்குப் போகும்போது எங்களையும் சிலநாள் கூட்டிப் போவார். தோணியில் கால் வைக்குமுன் ஒரு துஆவைச் சொல்ல வைப்பார். அது நூஹ் நபி கப்பலில் ஏறச் சொன்னது, சூறா ஹூதின் 41ஆம் வசனம் என்பதை மதுறசாவில்தான் பிறகு அறிந்தோம். உம்மா ஏணையை ஆட்டிக்கொண்டே கலிமாவை ராகமாய்ச் சொல்லுவா. மெட்டும் அதுவே ஆனது:

தோணியில கால்வைக்க
துஆச் சொல்லித் தந்த வாப்பா
ஏணையில நாங்க தூங்க
இறைநாமம் தந்த உம்மா

நம்ம ஊர்க் கவிபோல நாலு வரி, கடைசிச் சொல்லில் இழுப்பு. வாத்தியம் இல்லை, கைத்தட்டு மட்டும்.

சிக்கல் கலிமா வரியில் வந்தது. மெட்டு மெதுவானதால் பிள்ளைகள் 'லா இலாஹ' என்ற இடத்தில் மூச்சு விட்டார்கள். அங்கே நிறுத்தினால் 'இறைவன் இல்லை' என்றாகிவிடும். 'இல்லல்லாஹ்' சேர்ந்தால்தான் 'அல்லாஹ்வைத் தவிர' என்று பொருள் நிறையும். ஆகவே அதற்கு முந்திய வரியைச் சுருக்கி, மூச்சை அங்கேயே எடுக்க வைத்து, கலிமாவை ஒரே மூச்சில் விட்டோம். இழுப்பைக் கடைசி 'லாஹ்'வுக்கு வைத்தோம். மெட்டுக்காக அறபுச் சொல்லை நீட்டிக் குறுக்குவதும் இப்படித்தான். 'அக்பர்' என்பதை 'அக்பார்' என்று இழுத்தால் அறபியில் அது பறைகளைக் குறிக்கும். பாட்டு எழுதுகிறவர்கள் ஒரு மௌலவியிடம் படித்துக் காட்டுவது நல்லது.

பனீ இஸ்ராயீல் 24இல் பெற்றோருக்காக அல்லாஹ் கற்றுத் தந்த துஆவைப் பாட்டாக்கவில்லை. பாட்டு முடிய, கையேந்தி அதை ஓதினோம்.

பெருநாளன்று பேரப்பிள்ளைகள் படித்தார்கள். தோணி வரி வர உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் துஆவோட சேர்த்து, கைய இறுக்கிப் பிடிங்க எண்டும் சொல்லுவார், அத விட்டுட்டிங்க" என்றா. அடுத்த பெருநாளுக்கு அந்த வரியை எழுத வேண்டும்.