தலைப்பு ஒன்று, உள்ளே வேறொன்று



சென்ற மாதம் ஒரு மாலை நேரம், எனக்குத் தெரிந்த தங்கை ஒருத்தி கைத்தொலைபேசியைப் பிடித்தபடி வந்தாள். “அக்கா, யூடியூப்பில இருந்து ஏதோ கடிதம் வந்திருக்கு. என்ர வீடியோவை எடுத்துப்போட்டாங்கள்” என்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

2009இல் கணவரை இழந்தவள். குரக்கன் மா அரைத்துப் பொதி செய்து விற்கிறாள். சமையல் வீடியோ போடத் தொடங்கிய பிறகுதான் வெளியூர்களிலிருந்தும் மா கேட்டு ஆட்கள் அழைக்கிறார்கள். மகளின் படிப்புச் செலவு அந்த வருமானத்தில்தான் ஓடுகிறது.

கடிதத்தை வாசித்தேன். அவளுடைய முருங்கையிலைக் கஞ்சி வீடியோ பார்ப்பவரை ஏமாற்றும் விதமாக இருப்பதாகச் சொல்லி நீக்கியிருந்தார்கள். கஞ்சியில் என்ன ஏமாற்று? தலைப்பைப் பார்த்ததும் விளங்கியது. “7 நாளில் சர்க்கரை வியாதி முற்றாக மாறும்!” என்று இருந்தது. வீடியோவில் அவள் சர்க்கரை வியாதி என்ற சொல்லையே சொல்லவில்லை. தலைப்பை எழுதியவன், வீடியோக்களை ஏற்றிக் கொடுக்கும் ஒரு தம்பி. “இப்படிப் போட்டால்தான் சனம் பார்க்கும்” என்றானாம்.

உள்ளே இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பவைக்கும் தலைப்பு, விளக்கம், முகப்புப் படம் ஆகியவற்றை யூடியூப் விதிகள் தடுக்கின்றன. முதல் தடவை எச்சரிக்கை மட்டுமே. அதற்குப் பிறகும் தவறு நடந்தால் ஒரு வாரத்துக்கு எதையும் ஏற்ற முடியாது. 90 நாட்களுக்குள் இரண்டாவது தடவை என்றால் இரண்டு வாரம். மூன்றாவது தடவை சனலே போய்விடும். வீடியோவை நாமே அழித்துவிட்டாலும் விழுந்த குற்றப்புள்ளி அழியாது.

“மேன்முறையீடு செய்வோமா அக்கா?” என்று கேட்டாள். அவர்கள் பிழையாக நீக்கியிருந்தால் செய்யலாம். இங்கே பிழை எங்கள் பக்கம். அதனால் அவர்கள் தரும் சிறிய பயிற்சியை எடுக்கச் சொன்னேன். அதை முடித்து, 90 நாட்கள் அதே விதியை மீறாமல் இருந்தால் எச்சரிக்கை நீங்கிவிடும்.

ஆனால் மீதி எட்டு வீடியோக்களுக்கும் அதே தம்பிதான் தலைப்பு எழுதியிருந்தான். அவற்றில் ஒன்று பிடிபட்டாலும் அடுத்தது தண்டனைதான். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தோம். குரக்கன் பிட்டு வீடியோவை எப்படிச் சரிபார்த்தோம் என்று சொல்கிறேன்.

அதன் தலைப்பு இது: “இதைச் சாப்பிட்டால் இனிக் குளிசையே தேவையில்லை! வைத்தியர்கள் மறைத்த இரகசியம்.” நான் ஒரு கொப்பித் தாளின் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் தலைப்பு கொடுக்கும் வாக்கு. வலப்பக்கம் அது வீடியோவில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பது. குளிசை பற்றி எங்கே? எங்குமில்லை. வைத்தியர் எங்கே? எங்குமில்லை. வலப்பக்கம் வெறுமையாகவே கிடந்தது. பிறகு வீடியோவில் உண்மையில் இருப்பதை எழுதினோம். மா வறுப்பது, தண்ணீர் தெளித்துக் குழைப்பது, நீற்றுப்பெட்டியில் அவிப்பது. பிட்டு கட்டிபடாமல் உதிரியாக வர அவள் காட்டும் கைப்பக்குவம் மிக அருமையானது. அதைப் பற்றித் தலைப்பில் ஒரு சொல்லும் இல்லை.

வீடியோவின் கீழே பார்வையாளர் எழுதியவற்றையும் பார்த்தோம். ஒரு அம்மா, “மூன்று நாளாகக் குளிசையை விட்டுவிட்டு இதைத்தான் சாப்பிடுகிறேன்” என்று எழுதியிருந்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். குரக்கனும் மாச்சத்துள்ள தானியம்தான். நல்ல உணவு, ஆனால் குளிசைக்குப் பதில் அல்ல. “அம்மா, தயவுசெய்து குளிசையை நிறுத்த வேண்டாம், உடனே கிளினிக்குக்குப் போங்கள், தலைப்பு எங்கள் பிழை” என்று அந்த இடத்திலேயே பதில் எழுதினோம். சகோதரிகளே, விதியை விடுங்கள். அந்த ஒரு அம்மாவுக்காகவே இதை மாற்ற வேண்டியிருந்தது.

YouTube Studio என்ற செயலியில் அந்த வீடியோவைத் திறந்தோம். தலைப்புக்கு 100 எழுத்து வரை இடமுண்டு. ஆனால் தேடும்போது முன்பகுதிதான் கண்ணில் படும். ஆகவே பண்டத்தின் பெயர் முதலில் வரவேண்டும். “குரக்கன் பிட்டு உதிரியாக வர: நீற்றுப்பெட்டியில் அவிக்கும் முறை” என்று மாற்றினோம். முகப்பில் இருந்த, யாரோ வைத்தியரின் படத்தை எடுத்துவிட்டு, அவிந்த பிட்டின் படத்தைப் போட்டோம்.

அடுத்தது விளக்கம். அங்கே நடிகர்களின் பெயர்கள், விபத்துச் செய்தி, கிரிக்கெட் என்று நாற்பது சொற்கள் அடுக்கியிருந்தன. தேடுபவரைத் தந்திரமாக இழுப்பதற்காகத்தான். குறிச்சொற்களை இப்படி விளக்கத்தில் குவிப்பதும் விதிக்கு எதிரானது. முழுவதையும் அழித்தோம். விளக்கத்தின் முதல் சில வரிகள்தான் திறக்காமலே தெரியும். அதனால் அந்த வீடியோவில் என்ன செய்கிறாள் என்பதை அங்கே எழுதினோம். அதன் கீழே அளவுகள்: 1 சுண்டு குரக்கன் மா, அரைச் சுண்டு அரிசி மா, தேங்காய்ப்பூ, உப்பு. கடைசியில் மா வாங்க விரும்புவோருக்கான குறிப்பு.

பிறகு Tags என்ற பெட்டி. கணினியில் அதைக் காண Show more என்பதை அழுத்த வேண்டும். பலர் நினைப்பதுபோல இந்தக் குறிச்சொற்களால் வீடியோ பரவுவதில்லை. யூடியூப்பே அவற்றின் பங்கு மிகச் சிறிது என்கிறது. ஒரு பெயரை ஆட்கள் பலவிதமாக எழுதும்போதுதான் அவை உதவும். எங்கள் பிட்டு அதற்கு நல்ல உதாரணம். நாங்கள் குரக்கன் என்போம், தமிழ்நாட்டில் கேழ்வரகு, ராகி என்பார்கள். பிட்டைப் புட்டு என்பார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுபவர் ஒரு k போடுவார், இரண்டும் போடுவார். ஆகவே ஏழு சொல் மட்டும் வைத்தோம்:

குரக்கன் பிட்டு, கேழ்வரகு புட்டு, ராகி புட்டு, நீற்றுப்பெட்டி, kurakkan pittu, kurakan puttu, ragi puttu

வீடியோவில் இல்லாத ஒன்றைக் குறிக்கும் சொல் அதில் ஒன்றுமில்லை.

ஒரு குறை எஞ்சியது. Studio காட்டும் வரைபடத்தில், பார்க்கத் தொடங்கிய நூறு பேரில் அரை நிமிடம் கழிய முப்பது பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். பொய்த் தலைப்பு ஒரு காரணம். மற்றது, முதல் ஒன்றரை நிமிடம் முழுக்க வணக்கமும் “சனலைச் சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ” என்ற வேண்டுகோளும். தலைப்பை மாற்றினாலும் இது திருந்தாது. கணினியில் Editor என்ற பகுதியில் அந்தத் துண்டை வெட்டினோம். இப்படி வெட்டினால் வீடியோவின் முகவரியும் பார்த்தோர் எண்ணிக்கையும் மாறுவதில்லை.

முதல் வாரம் பார்ப்பவர் தொகை பாதியாகக் குறைந்தது. தங்கைக்கு மனம் சோர்ந்தது. மூன்றாம் வாரம் வரைபடத்தைத் திறந்தோம். அரை நிமிடம் தாண்டியும் நின்றவர் நூற்றுக்கு ஐம்பத்தைந்து. மா கேட்டு ஒன்பது பேர் அழைத்திருந்தார்கள். ஒன்பது பேரும் கேட்டது நோயைப் பற்றியல்ல, மாவைப் பற்றித்தான்.

நீக்கப்பட்ட கஞ்சி வீடியோவை என்ன செய்வது? அதன் தலைப்பைத் திருத்தி உயிர்ப்பிக்க முடியாது. புதிதாக எடுத்து, “முருங்கையிலைக் கஞ்சி” என்றே பெயர் வைக்கப் போகிறாள். அந்த அம்மாவும் பதில் எழுதியிருந்தார்: “கிளினிக்குக்குப் போனேன் மகள், குளிசை திரும்பப் போடுகிறேன்.”

உங்கள் வீடியோவுக்கும் வேறொருவர் தலைப்பு எழுதித் தருகிறாரா? அப்படியானால் இன்றிரவே ஒரு தாளில் கோடு கிழித்துப் பாருங்கள். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் ஒவ்வொரு வாக்கையும் அழித்துவிடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.