மடிப்புக்குக் கீழே இருக்கும் தமிழ்

இப்பதிவின் முதல் சில வரிகளைத் தாண்டியதும் 'மேலும் படிக்க' என்ற சொற்கள் குறுக்கிட்டிருக்கும். அதைத் தொட்டவர்கள் மட்டுமே இந்த வரியைப் படிக்கிறார்கள். ஆய்வாளரின் பதிவுக்கு அது பெரிய இழப்பன்று. ஆனால் ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு அனுப்பப்படும் எச்சரிக்கை அவ்வாறு மடிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதே என் கேள்வி.

கேரளத்தின் எல்லைப் பகுதிகளில், குறிப்பாக இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் இன்றும் உள்ளனர். களப்பணிக்காக ஒரு தோட்டக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருந்தேன். மழைக்காலத்தில் அங்குப் பகிரப்பட்ட அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே வடிவில் இருந்தன. மேலே மலையாளத்தில் நீண்ட பத்திகள். அவற்றின் கீழே அதே செய்தி தமிழில். அனுப்பியவர் இருமொழிக் கடமையை நிறைவேற்றிவிட்டார். ஆனால் திரையில் தெரிந்தது மலையாளம் மட்டுமே. தமிழ்ப் பகுதி முழுவதும் மடிப்புக்குக் கீழே கிடந்தது. குழுவிலிருந்த மூதாட்டி ஒருவர், "தமிழ்ல ஒண்ணுமே போடலையே தம்பி" என்றார். மடிப்பைத் திறக்கும் சொற்களும் அவர் கைபேசியில் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைத் தொட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மடிப்புக்கு நியாயம் உண்டு. உரையாடல் திரை பலருக்கும் பொதுவானது. ஒருவரின் நீண்ட செய்தி முழுமையாக விரிந்தால் மற்றவர்களின் பத்துச் செய்திகள் திரைக்கு வெளியே தள்ளப்படும். மிக நீண்ட உரையை ஒரே வீச்சில் வரிவரியாக அடுக்கி வரைவது எளிய கைபேசிக்குச் சுமையும் ஆகும். எனவே செயலி தொடக்கத்தை மட்டும் வரைந்துவிட்டு, எஞ்சியதைப் படிப்பவரின் விருப்பத்துக்கு விடுகிறது. இங்கு ஒரு செய்தியை நாம் பரப்ப வேண்டும்: வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் மடிக்கப்பட்ட பகுதி எங்கோ தொலைவில் இல்லை. அது ஏற்கெனவே கைபேசிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அலைவரிசை அறுந்த மலையிலும் தொட்டால் திறக்கும். தனியாகத் தரவுச் செலவும் இல்லை.

மடிப்பு என்பது காட்சியின் எல்லை. குறுஞ்செய்திக்கு இருப்பதோ கடத்தலின் எல்லை. இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே அழைப்புகளை ஒழுங்குசெய்யும் குறுகிய தடத்தில் மிஞ்சிய இடத்தைப் பயன்படுத்தவே குறுஞ்செய்தி உருவானது. அதில் ஒரு செய்திக்குக் கிடைத்தது 140 பைட்டு. ஆங்கில எழுத்தொன்றுக்கு 7 பிட்டு போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்கின. தமிழ் அந்த அட்டவணையில் இல்லை. தமிழ் எழுத்து ஒன்று வந்தாலே செய்தி முழுவதும் ஒருங்குறி முறைக்கு மாறிவிடும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைட்டு செலவாகும். ஆகவே 160 என்பது 70 ஆகச் சுருங்குகிறது. மலையாளத்துக்கும் இதே கதிதான்.

அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்தன்று. 'க' ஒரு குறியீடு, 'கி' இரண்டு, 'க்' இரண்டு. நம் இலக்கணம் ஓரெழுத்தாகக் கொள்வதைக் கணினி உடலும் உயிர்க்குறியுமாகப் பிரித்து எண்ணுகிறது. ஓர் எடுத்துக்காட்டு:

"ஆற்றங்கரையில் வசிப்போர் இன்றிரவு பாதுகாப்பான இடத்திற்குச் செல்லவும்."

ஆறே சொற்கள். நம் கணக்கில் 36 எழுத்துகள். இடைவெளிகளையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்தால் கணினியின் கணக்கில் 68. எந்த ஆறு, எத்தனை மணிக்கு, ஏன் என்று சொல்ல இன்னும் 2 இடங்களே உள்ளன. இதே வாக்கியம் ஆங்கிலத்திலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான். ஆனால் அங்கு இன்னும் 90 இடங்கள் மிஞ்சும்.

எல்லையைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரியும். துண்டுகளை மறுபடி ஒட்டுவதற்கான குறிப்பு ஒவ்வொன்றிலும் 6 பைட்டு எடுத்துக்கொள்வதால், துண்டுக்கு 67 குறியீடுகளே எஞ்சும். நெரிசலான நேரத்தில் ஒரு துண்டு பின்தங்கினால் முழுச் செய்தியும் காத்திருக்கும், அல்லது அரைகுறையாகத் தெரியும். தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளுக்குத் தனி எழுத்து அட்டவணைகள் தரநிலையில் பின்னர் சேர்க்கப்பட்டன. அவற்றின்படி ஒரு செய்தியில் 155 குறியீடுகள் வரை அடங்கும். ஆனால் பெறும் கைபேசிக்கு அந்த அட்டவணை தெரியாவிட்டால் வெறும் குப்பை எழுத்துகளே திரையில் வரும். ஆகவே பொதுமக்களுக்கான எச்சரிக்கைக்கு 70-ஐ நம்புவதே பாதுகாப்பு.

இடச்சுருக்கத்தைவிடப் பெரிய இடர் ஒன்று நம் தொடரமைப்பில் இருக்கிறது. தமிழில் வினை இறுதியில் நிற்கும்; எதிர்மறையும் அங்கேதான் நிற்கும். 'இன்று இரவு அணை முழுவதுமாகத் திறக்கப்படும் என்று பரவும் செய்தி உண்மையன்று' என்னும் மறுப்பை அறிவிப்புப் பட்டை பாதியில் வெட்டினால், மறுப்பே வதந்தியாகிவிடும். 'செல்ல வேண்டாம்' என்பதில் கடைசிச் சொல் மறைந்தால் பொருள் தலைகீழாகும். மலையாளத்திலும் இதே நிலைதான். வினை முன்னே வரும் ஆங்கிலத்தை முன்னிறுத்தி வடிவமைத்த மடிப்பு, வினை பின்னே வரும் மொழிகளில் மிக முக்கியமான சொல்லையே முதலில் விழுங்குகிறது.

இது கற்பனை அச்சம் அன்று. 2018 ஆகஸ்ட் 9 அன்று செறுதோணி அணையின் மதகு 26 ஆண்டுகளுக்குப் பின் உயர்த்தப்பட்டது. 2021 அக்டோபர் 29 அன்று முல்லைப் பெரியாறு அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. அந்த நீர் கடந்து செல்வது வண்டிப்பெரியாற்றின் கரைக் குடியிருப்புகளை. அங்கு யார் எதை எந்த மொழியில் எத்தனை வரி படித்தார் என்பது உயிர் சார்ந்த கேள்வி.

எனவே என் முன்மொழிவுகள் மூன்று. முதலாவது, இருமொழி அறிவிப்பை ஒரே செய்தியாக அனுப்பாதீர்கள். மொழிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். இரண்டாவது, செய்ய வேண்டியதைத் தனிச் சிறு வாக்கியமாக முதலில் நிறுத்துங்கள். மூன்றாவது, 70 குறியீட்டுக்குள் எழுதிப் பழகுங்கள். அது இயலாததன்று:

"உடனே மேட்டுக்குச் செல்க. பெரியாற்றில் இன்றிரவு 9 மணிக்கு நீர் திறப்பு."

எண்ணிப் பாருங்கள்; சரியாக 70. முந்தைய வாக்கியத்தில் இல்லாத ஆற்றின் பெயர், நேரம், காரணம் மூன்றும் இதில் உள்ளன. பாதியில் வெட்டுண்டாலும் செயல் எஞ்சும்.

மொழிச் சிறுபான்மையினரான தமிழர் அரசுடன் தம் மொழியிலேயே தொடர்புகொள்ளும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 ஏற்கிறது. அந்த உரிமை எழுதப்பட்டபோது உரையின் நீளத்தைத் தாள் தீர்மானித்தது. இன்று திரை தீர்மானிக்கிறது. மொழியுரிமை பற்றி ஆராயும் நாம், தமிழ் எழுதப்பட்டதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், தொடாமலே கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட்டதா என்றும் கேட்க வேண்டும்.