குளிசைப் போத்தலுக்குள் கிடைக்காத பாதுகாப்பு

ஊரில் இப்போது எங்கே போனாலும் "அன்டிஒக்சிடன்ட்" கதைதான். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போத்தலின் படத்தைப் போடுகிறார். "உடம்பிலுள்ள சுயாதீன மூலிகங்களை அழிக்கும், கென்சர் வராது, வயது தெரியாது" என்று கீழே எழுதியிருக்கும். மாணவர்களின் உம்மா வாப்பாமார் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அதை வாங்குகிறார்கள். சிகரட்டை விடச் சொன்னால், "அதுக்குத்தானே சேர் இந்தக் குளிசை போடுறன்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது சரியில்லை. இந்த விளம்பரங்களில் பாதி உண்மை இருக்கிறது. ஆட்களை ஏமாற்ற அந்தப் பாதியே போதும்.

முதலில் அந்த உண்மையான பாதியைச் சொல்லிவிடுவோம். எங்கள் கலங்களுக்குள் இருக்கும் இழைமணிகள் உணவிலிருந்து எடுத்த இலத்திரன்களை ஒரு சங்கிலி வழியாகக் கைமாற்றிக் கடைசியில் ஒட்சிசனிடம் கொடுக்கின்றன. வீட்டுக்குக் கொங்கிறீட் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று தாச்சியைக் கைமாற்றுவது போலத்தான். ஒழுங்காக நடந்தால் ஒட்சிசன் மூலக்கூறு ஒன்று நான்கு இலத்திரன்களை வாங்கி நீராகிவிடும். ஆனால் வரிசையின் நடுவிலேயே, முதலாம் மூன்றாம் புரதத் தொகுதிகளில், ஒட்சிசன் சிலவேளை ஒரேயொரு இலத்திரனை மட்டும் பறித்துக்கொண்டு போய்விடும். அதுதான் சுப்பரொட்சைட்டு. முன்னால் நிற்பவர் வாங்காமல் தாச்சிகள் தேங்கினால் அதிகம் சிந்துமல்லவா? அதுபோல, எரிபொருள் நிறைய இருந்து கலத்துக்குச் சக்தி தேவைப்படாத நேரத்தில் இந்தக் கசிவு கூடும்.

(சில புத்தகங்களில் நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் 100க்கு 1 அல்லது 2 பங்கு இப்படிக் கசிவதாக இருக்கும். அது இழைமணிகளைத் தனியே பிரித்தெடுத்து, உடம்புக்குள் இருப்பதைவிட மிக அதிக ஒட்சிசனைக் கொடுத்து அளந்த கணக்கு. உயிருள்ள உடம்பில் அதைவிட மிகக் குறைவு.)

சுப்பரொட்சைட்டு தானே பெரிய முரடன் அல்ல. அது செய்யும் கெடுதி என்னவென்றால், சில நொதியங்களுக்குள் கட்டுண்டிருக்கும் இரும்பை அவிழ்த்துவிடுவது. அவிழ்ந்த இரும்பு ஐதரசன் பேரொட்சைட்டைச் சந்தித்தால் ஐதரொட்சில் மூலிகம் உண்டாகிறது. அதுதான் உண்மையான முரடன். டீ.என்.ஏ.யோ புரதமோ மென்சவ்வுக் கொழுப்போ, பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கிவிடும். கொழுப்பில் விழுந்தால் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததுக்கு என்று தொடராகப் பரவும். பழைய கச்சானில் காறல் மணம் வருவதும் இதே வகைத் தாக்கத்தால்தான்.

இதற்கு உடம்பு என்ன செய்கிறது? அதன் ஒரு பகுதியை வகுப்பறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இறைச்சிக்கடையில் வாங்கிய ஈரல் துண்டொன்றில் ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். கற்றலேஸ் என்ற நொதியம் அதை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிப்பதால் வரும் நுரை அது. இழைமணிக்குள்ளே இரண்டு கட்டக் காவல் இருக்கிறது. முதலில் மங்கனீசு கொண்ட சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியம், இரண்டு சுப்பரொட்சைட்டுகளைச் சேர்த்து ஒட்சிசனும் ஐதரசன் பேரொட்சைட்டும் ஆக்குகிறது. அடுத்து வேறு நொதியங்கள், கலமே தயாரிக்கும் குளூட்டாத்தையோன் போன்றவற்றின் உதவியோடு, அந்தப் பேரொட்சைட்டை நீராக்கிவிடுகின்றன. செலவான குளூட்டாத்தையோனைக் கலம் வீசிவிடுவதில்லை. உணவின் சக்தியைக் கொண்டு திரும்பப் புதுப்பித்துக்கொள்கிறது.

அந்த முதல் நொதியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 1995இல் எலிகளில் பார்த்தார்கள். அதற்குரிய பரம்பரையலகை நீக்கிப் பிறந்த குட்டிகள், இதயம் வீங்கிப் பத்து நாட்களுக்குள் இறந்துபோயின. அதே வேலையை இழைமணிக்கு வெளியே செய்யும், செம்பும் நாகமும் கொண்ட அதன் சகோதர நொதியத்தை நீக்கிய எலிகளோ பிறந்து வளர்ந்தன. கசிகிற இடத்திலேயே காவல் நிற்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வெறும் விட்டமின் சீ அந்த இடத்தைப் பிடிக்காது. அதுவும் சுப்பரொட்சைட்டோடு தாக்கமடையும்தான், ஆனால் இந்த நொதியத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாக. விட்டமின் ஈக்கு மென்சவ்வில் உண்மையான வேலை உண்டு. கொழுப்பில் பரவும் அந்தத் தொடரை அது அறுக்கும். அதற்குத் தேவையான அளவு சாதாரண உணவிலேயே கிடைக்கும். அளவுக்கு மேலே விழுங்குவதால் நொதியம் கூடுவதில்லை.

சரி, உதவாவிட்டாலும் தீங்கில்லையே என்று கேட்பார்கள். இங்கேதான் பின்லாந்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

மரக்கறி பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம், அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. இதைக் கண்டுதான் அந்தச் சத்தை மட்டும் குளிசையாகக் கொடுத்துப் பார்க்க நினைத்தார்கள். 50 முதல் 69 வயது வரையான, சிகரட் பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், மற்றப் பாதிக்கு அது இல்லை. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு வருடங்கள் போனபின் எண்ணிப் பார்த்தால், பீட்டா கரோட்டின் எடுக்காதவர்களில் 402 பேருக்கு நுரையீரல் புற்றுநோய். எடுத்தவர்களில் 474 பேருக்கு! 100க்கு 18 வீதம் அதிகம். இதே ஆய்வில் விட்டமின் ஈ எடுத்தவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. முடிவு 1994இல் வெளியானது. அமெரிக்காவில் சிகரட் பிடித்தவர்களிடமும் அஸ்பெஸ்டஸ் தொழிலாளர்களிடமும் நடந்த இன்னொரு பெரிய ஆய்வையும் அதே காரணத்துக்காக 1996 ஜனவரியில் இடைநடுவில் நிறுத்தினார்கள். அங்கே 28 வீதம் அதிகம்.

ஏன் இப்படி? புகை நிறைந்த, ஒட்சிசன் அதிகமுள்ள நுரையீரலில் பீட்டா கரோட்டினே ஒட்சியேறி உடைந்து, அந்தத் துண்டுகள் கெடுதி செய்கின்றன என்பது ஒரு விளக்கம். மரக்கறி சாப்பிடுகிறவரின் பாதுகாப்பு அந்த ஒரு சத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதும் விளங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. சிறிதளவு மூலிகங்கள் உடம்புக்கு ஒரு செய்தி. 2009இல் ஜேர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்வித்தார்கள். தினமும் 1000 மில்லிகிராம் விட்டமின் சீயும் 400 அலகு விட்டமின் ஈயும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலினின் வேலை மேம்படும் அந்தப் பயன் கிடைக்கவில்லை. குளிசை எடுக்காதவர்களுக்குக் கிடைத்தது. அவர்களின் தசையில் நாம் மேலே சொன்ன காவல் நொதியங்களும் கூடியிருந்தன. செய்தி போய்ச் சேர்ந்தால்தான் காவல் கூடும். நாமோ காசு கொடுத்து வாங்கி அந்தச் செய்தியை அழிக்கிறோம். சீனி வருத்தம் வந்துவிடுமோ என்று பயந்து காலையில் நடக்கப் போகிறவர்கள், திரும்பி வந்து இதே குளிசைகளைப் போடுவதைப் பார்க்கும்போது எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது.

டொக்டர் ஒரு குறைபாட்டுக்கோ நோய்க்கோ எழுதித் தந்த விட்டமினை எங்கள் பதிவைப் பார்த்து யாரும் நிறுத்த வேண்டாம், அது வேறு விடயம். ஆனால் சிகரட் பிடிக்கிறவர், முன்பு பிடித்தவர், வீட்டில் இருக்கும் போத்தலைத் திருப்பி லேபலில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வயதானவர்களின் விழித்திரை நோய்க்குக் கொடுக்கும் கலவைக் குளிசையில்கூட முன்பு அது இருந்தது. 2013இல் முடிவு வெளியான ஆய்வுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு லூட்டினைச் சேர்த்தார்கள். ஆனால் பழைய கலவை இன்னும் விற்பனையில் கிடைக்கிறது.