உலக விலை அசையல. ஆம்பூரில் தங்கம் ஏன் ஏறுது?

தங்கம் அவுன்ஸ் 3,110 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், ஆக, சுத்தத் தங்கம் கிராம் 100 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 8,500. இறக்குமதி வரியை 2024 ஜூலை பட்ஜெட் 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கியது. அதையும் சேர்த்தால் 9,010. கடை பில்லில் 3 சதவீத ஜிஎஸ்டி தனி.

இப்போ டாலர் 86 ஆகுது. உலக விலை அப்படியேதான் இருக்கு. ஆனா வரியோடு கிராமுக்கு 106 ரூபாய் கூடுது. 22 கேரட் சவரனுக்குச் சுமார் 777 ரூபாய்.

ஷூ ஏற்றுமதி செய்யும் ஆம்பூர் முதலாளிக்கு அதே டாலருக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். அந்த ஷூவைத் தைப்பவருக்குச் சம்பளம் ரூபாயில்தான். மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கும் சவரன் இன்னும் தள்ளிப்போகும். ரூபாயின் சரிவை உடனே தடுக்க முடியாது. அந்தச் சரிவுக்கும் சேர்த்து வசூலாகும் வரியைக் குறைப்பது அரசின் கையில்தான் இருக்கு.