பதவிப் பட்டியல் போதாது

ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பிக்க முன்வந்து, தம்மைப் பற்றிய குறிப்பொன்றை எழுதி அனுப்பினால் நாம் என்ன செய்ய வேண்டும்? நன்றி சொல்லி உடனே நாள் குறிப்பதே வழக்கம். அந்தக் குறிப்பை முதலில் திருப்பி அனுப்பி, நமது கேள்விகளுக்கு விடை எழுதித் தரும்படி கேட்க வேண்டும் என்பதே நமது கருத்து.

இப்படி ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம். கொழும்பு ஹெவ்லொக் டவுனில் இருந்து ஒருவர் எழுதுகிறார்: "நீர்ப்பாசனத் துறையில் முப்பத்திரண்டு வருடங்கள் சேவையாற்றி, உயர் பதவியில் ஓய்வுபெற்றேன். வெளிநாட்டில் முதுமாணிப் பட்டம் பெற்றேன். பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ எந்தப் பாடமாயினும் கற்பிக்க ஆயத்தமாக உள்ளேன்." இதில் பொய் எதுவுமில்லை. ஆயினும் வருகிற சனிக்கிழமை எந்தப் பிள்ளைகளை எந்த இடத்தில் இருத்துவது என்று இதை வாசித்துத் தீர்மானிக்க முடியாது. "எந்தப் பாடமாயினும்" என்பதே இதில் உள்ள பெரிய குறை.

பதவியைவிட வேலையே ஒரு பொறியியலாளரை நமக்குக் காட்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் அவர்களை வடபகுதி மக்கள் நினைவில் வைத்திருப்பது அவர் வகித்த பதவிக்காக அல்ல. ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தை 1950களில் வரைந்தவர் என்பதற்காகவும், இலங்கையின் நீர்வளங்களைப் பற்றி 1969இல் பெரிய நூலொன்றைத் தந்தவர் என்பதற்காகவுமே அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. ஆகவே நமக்கு எழுதுகிறவரிடமும், "எந்த வேலையை உங்கள் கையாலேயே செய்தீர்கள்?" என்று கேட்கலாம். வாய்க்கால் மட்டம் பார்த்தவரா, பம்பி திருத்தியவரா, கணக்கு மேசையில் இருந்தவரா என்பது அப்போது தெரியவரும். மூவருக்கும் கற்பிக்க ஏதோ ஒன்று உண்டு, ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

அடுத்த கேள்வி மொழியைப் பற்றியது. நமது பொறியியலாளர்களில் அநேகர் பாடசாலையில் தமிழில் படித்து, பல்கலைக்கழகத்திலும் தொழிலிலும் ஆங்கிலத்தையே கையாண்டவர்கள். தமக்குத் தெரிந்ததைத் தரம் 9 பிள்ளைக்குத் தமிழில் சொல்ல முயலும்போது, சொல் கிடைக்காமல் அவர்களே திகைப்பதுண்டு. எனவே முதற் பாடத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி முன்கூட்டியே அனுப்பச் சொல்வது நல்லது. கணித ஆசிரியர் அதை வாசித்து, பாடநூலில் உள்ள சொற்களை அருகில் குறித்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது கேள்வி, எத்தனை நாள் என்பது. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடியும்போதுதான் வன்னியில் இறங்கலாம். எழுபதை நெருங்கும் ஒருவர் வாரந்தோறும் இப்படிப் பயணம் செய்வது கடினம். மூன்று சனிக்கிழமை வந்து நாலாவது சனிக்கிழமை வராவிட்டால், ஏற்கெனவே பாடசாலை மாறி மாறிப் படித்த பிள்ளைக்கு அது இன்னுமொரு முறிவு. அதைவிட, விடுமுறைக் காலத்தில் ஒரே தொடராக ஐந்து நாள் தங்கி, ஒரு விடயத்தைத் தொடங்கி முடித்துவிட்டுப் போவது மேல்.

ஜேர்மனியின் பொன் நகரில் 1983இல் தொடங்கப்பட்ட முதுநிலை வல்லுநர் சேவை இதைத் தெளிவாகச் செய்கிறது. அங்கே ஓய்வுபெற்றவர்கள் சம்பளமின்றி வேறு நாடுகளுக்குச் செல்கிறார்கள். ஆனால் முதலில் எழுத வேண்டியவர்கள் அழைப்பவர்களே. தங்கள் தேவை இன்னது என்று அவர்கள் விண்ணப்பித்த பின்னரே அதற்கேற்ற ஆள் தேடப்படுகிறார். உணவும் தங்குமிடமும் அழைப்பவர் பொறுப்பு. நாமும் தேவையை முதலில் எழுதினால் ஆளைத் தெரிவது எளிது.

நமது தேவை ஒன்றை உதாரணமாகப் பார்ப்போம். குத்தகைக் காணியில் வெங்காயம் செய்யும் குடும்பம், நீரிறைக்கும் இயந்திரத்தை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறது. கிணற்றில் இருந்து எடுக்கும் நீரில் எவ்வளவு மண் வாய்க்காலில் போகிறது என்று அதற்குத் தெரியாது. இதை அறிய ஒரு 200 லீற்றர் பரலும் செக்கன் காட்டும் மணிக்கூடும் போதும். பரல் நெளிந்திருக்கக்கூடும் என்பதால், 10 லீற்றர் வாளியால் இருபது முறை ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் கோடு போட வேண்டும். பின்னர் இயந்திரத்தின் குழாயைப் பரலுக்குள் விட்டு, கோடுவரை நிரம்ப எத்தனை செக்கன் என்று பிள்ளைகள் எண்ணட்டும். 40 செக்கன் என்றால் செக்கனுக்கு 5 லீற்றர்.

அடுத்து, வாய்க்கால் முடியும் இடத்தில் குழி வெட்டிப் பரலை வாய்மட்டம்வரை இறக்கி, வரம்பில் ஒரு குழாய்த் துண்டைப் பதித்து நீரை அதற்குள் விட வேண்டும். அங்கே 50 செக்கன் எடுத்தால் செக்கனுக்கு 4 லீற்றர்தான் வந்து சேருகிறது. ஐந்தில் ஒரு பங்கு வழியிலே போய்விட்டது. ஒரு பரப்பு என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அதற்கு 3 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் கட்ட ஏறக்குறைய 7,590 லீற்றர் தேவை. இழப்பில்லாவிட்டால் 25 நிமிடத்தில் முடியும் இறைப்பு, இப்போது 32 நிமிடம் எடுக்கும். நாலு பரப்புக்கு அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த நேரம் வீணாக ஓடுகிறது. அந்த நேரத்துக்கும் வாடகை உண்டு, எண்ணெய்ச் செலவும் உண்டு.

இங்கேதான் பொறியியலாளரின் அனுபவம் நமக்கு வேண்டும். சிறிய வாளியால் அளந்தால் என்ன பிழை வரும் என்று அவர் காட்டுவார்: 4 செக்கனில் நிரம்பும் வாளியில் ஒரு செக்கன் தவறினால் கணக்கில் காற்பங்கு தவறிவிடும், 40 செக்கனில் ஒரு செக்கன் தவறினால் அது பெரிதல்ல. காய்ந்த வாய்க்கால் முதலில் அதிகம் குடிக்கும். அரை மணித்தியாலம் ஓடவிட்ட பின்னரே அளக்க வேண்டும். கிணற்று நீர்மட்டம் இறங்க இறங்க இயந்திரம் தரும் நீரும் குறையும். ஆகவே கடைசியில் குழாயடியில் மறுமுறை அளந்து பார்க்காவிட்டால், கிணற்றின் குறையை வாய்க்காலின் மேல் சுமத்திவிடுவோம். இவற்றைப் பாடநூல் சொல்வதில்லை.

ஒரு பிள்ளை இந்த அளவீட்டைத் தன் தகப்பனாரின் தோட்டத்தில் தனியே செய்து, மூன்று தரம் அளந்த கணக்கைக் கொப்பியில் காட்டினால் பாடம் நடந்திருக்கிறது. பொறியியலாளரின் பேச்சை மட்டும் நினைவில் வைத்திருந்தால் நடக்கவில்லை.

நமது பக்கத்திலும் கடமை உண்டு. பாடசாலையில் வகுப்பு என்றால் அதிபரிடமும், அவர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்திடமும் அனுமதி பெற வேண்டும். எந்தப் பெரியவராயினும் பிள்ளைகளுடன் தனித்திருக்க விடாமல், ஆசிரியர் ஒருவரோ மாதர் சங்க உறுப்பினர் ஒருவரோ வகுப்பில் இருக்க வேண்டும். அப்படி இருப்பவரே அடுத்த முறை இந்தப் பாடத்தை நடத்தக்கூடியவராக இருந்தால் நல்லது.

ஆகவே ஹெவ்லொக் டவுனுக்கு நாம் எழுதும் பதில் இப்படி அமையட்டும்: "ஐயா, தங்கள் குறிப்புக் கிடைத்தது. எங்கள் வாய்க்காலில் நீர் எவ்வளவு வீணாகிறது என்று தரம் 9, 10 பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு அளக்கத் தெரிய வேண்டும். ஆவணி விடுமுறையில் ஐந்து நாள் தங்க முடியுமா? பரல் எங்களிடம் இருக்கிறது. முதற் பாடத்தைத் தமிழில் எழுதி அனுப்புங்கள்." இதற்கு வரும் பதிலே அவருடைய உண்மையான அறிமுகம்.