7,200-க்கு வெளியே நிற்கும் 5,400

திருநெல்வேலி மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்களுக்கு,

தூத்துக்குடிக்கு வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய தருவைகுளத்திலிருந்து எழுதுகிறேன். வழிவலைப் படகுகளும் உப்பளங்களும் உள்ள ஊர். தூத்துக்குடியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் போட்டே காலத்தைக் கழித்தவன் நான். இப்போது வீட்டில் இருக்கிறேன் என்பதால், சம்பளச் சீட்டு புரியாதவர்கள் என் திண்ணைக்கு வருகிறார்கள்.

போன மாதம் வந்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். துறைமுகத்தை ஒட்டிய சரக்குப் பெட்டகக் கிடங்கு ஒன்றில் அவர் மகள் அலுவலக வேலை பார்க்கிறாள். செல்போனில் அவளுடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து நீட்டினார். "அண்ணாச்சி, பிள்ளை சம்பளத்துல 864 ரூபா பிடிக்கான். அவனும் அதே அளவு போடணும்லா? 264தான் போட்டிருக்கான். 600 ரூபாயை முழுங்கிட்டான்."

டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் பங்கு போடுகிற கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. இந்தச் சீட்டில்தான் தடுமாறினார். அந்த 600 எங்கேயும் போகவில்லை என்று காட்டினேன். முதலாளியும் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறார். அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் பிரிந்துவிடும், மீதி 3.67 சதவீதம்தான் பி.எஃப்.பில் சேரும். பாஸ்புக்கில் பக்கத்துக் கட்டத்திலேயே 600 என்று இருந்தது. அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் தெளியவில்லை. அவர் சந்தேகப்பட்ட இடத்தில் தவறில்லை, சந்தேகப்படாத இடத்தில் இருந்தது.

அந்தப் பெண்ணின் மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய். சீட்டில் அது மூன்றாகப் பிரிந்திருக்கிறது: பேசிக் 7,200, வீட்டு வாடகைப்படி 5,400, 'சிறப்புப் படி' 5,400. பி.எஃப். 7,200-க்கு மட்டும் பிடிக்கிறார்கள். 12 சதவீதம் 864. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு வருவது 17,001.

அந்த 135-ஐக் கொஞ்சம் பாருங்கள். 18,000-க்கு முக்கால் சதவீதம்தான் 135. ஆக, ஒரே சீட்டில், ஒரே மாதத்தில், இ.எஸ்.ஐ.க்கு அவள் 18,000 ரூபாய்க்காரி, பி.எஃப்.க்கு 7,200 ரூபாய்க்காரி. 2025 நவம்பர் 21-க்கு முன்பு வரை வீட்டு வாடகைப்படி இ.எஸ்.ஐ. கணக்கில் சேர்ந்தது, பி.எஃப். கணக்கில் சேரவில்லை. சட்டமே அப்படித்தான் இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிறப்புப் படியில் என்ன சிறப்பு? கூடுதல் நேரம் உழைத்ததற்கா, அதிக வேலை முடித்ததற்கா? இரண்டும் இல்லை. வாசல் காவலர் முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் மாதம் தவறாமல் வருகிறது.

எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படி அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்ததே என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தின் விவேகானந்தா வித்யாமந்திர் பள்ளி சம்பந்தப்பட்ட அந்த வழக்கை நடத்தியதே உங்கள் துறைதான். அங்கேயும் பிரச்சினை இதே பெயருள்ள சிறப்புப் படி. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தீர்ப்புப்படி போட்டால் இந்தப் பெண்ணுக்கு 12,600-க்குப் பிடிக்க வேண்டும். 15,000 ரூபாய் உச்சவரம்புக்குள்ளேயே இருப்பதால் கம்பெனி அதைக் காட்டியும் தப்ப முடியாது. அவள் பங்கு 1,512 ஆகும், கைக்கு வருவது 16,353 ஆகக் குறையும். மாதம் 648 ரூபாய் குறைவு. வாடகையும் பஸ் காசும் கொடுக்கிற பிள்ளைக்கு 648 பெரிய பணம்தான், மறுக்கவில்லை. "கையில கூட வருதே, விடுங்க மாமா" என்று அவளே சொன்னாள்.

ஆனால் அந்த 648 அவளுடைய பணமேதான். பி.எஃப்.பில் போட வேண்டியதைக் கையில் கொடுக்கிறார்கள், அவ்வளவே. அதே நேரத்தில் கம்பெனி தன் பங்காகக் கட்ட வேண்டிய இன்னொரு 648-ஐக் கட்டாமலே விட்டுவிடுகிறது. அது கைக்கும் வரவில்லை, கணக்கிலும் ஏறவில்லை. அவள் அப்பா 600 ரூபாயைத் தேடினாரே, உண்மையில் காணாமல் போனது இந்த 648.

ஓய்வூதியத்தில் இது இன்னும் உறைக்கும். சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பது உங்கள் சூத்திரம். 15 வருடப் பணிக்கு, 7,200 என்றால் மாதம் சுமார் 1,543 ரூபாய் ஓய்வூதியம். 12,600 என்றால் 2,700. சாகும்வரை இந்த வித்தியாசம்.

இதை ஊர் நியாயமாக மட்டும் நான் எழுதவில்லை. என் கையாலும் இப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பேசிக்கை 40 சதவீதத்தில் நிறுத்து, மீதியைப் படியாகப் போடு என்று மேலே இருந்து சொல்வார்கள். எந்தப் படி, எதற்காக என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். ஊழியர் யாராவது கேட்டால் சொல்லவும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "பேசிக்கைக் கூட்டினால் கம்பெனி பங்கையும் உங்க சம்பளத்திலிருந்துதான் கழிப்போம்." கேட்டவர் அத்தோடு எழுந்து போய்விடுவார். பி.எஃப். கட்ட வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொன்னது அவருக்குத் தெரியாது.

2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், விலக்கு பெற்ற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியதைச் சம்பளத்தோடு சேர்க்கச் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் சம்பளப் பட்டியல் போடுகிறவன் புத்தி எனக்குத் தெரியும். சிறப்புப் படியை எடுத்துவிட்டு, வாடகைப்படியையும் விலக்கில் உள்ள போக்குவரத்துப் படியையும் ஏற்றி, சம்பளத்தைச் சரியாகப் பாதியில், 9,000-இல் கொண்டுவந்து நிறுத்துவான். பிடித்தம் 1,080 ஆகும், 1,512 ஆகாது. ஆகவே புதிய சீட்டை மட்டும் பார்க்காமல், நவம்பருக்கு முந்தைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் ஊரை ஒட்டிப் போகிற சாலை. உங்களுக்கு அது கம்பெனிகள் மாதாமாதம் ஏற்றுகிற ரிட்டர்ன். அதில் ஒவ்வொரு ஊழியர் பெயருக்கும் எதிரே மொத்தச் சம்பளம் ஒரு கட்டத்திலும் பி.எஃப். சம்பளம் அடுத்த கட்டத்திலும் இருக்கின்றன. 18,000-க்குப் பக்கத்தில் 7,200 என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது. யாரும் மனுப் போட வேண்டியதில்லை, பெயரை வெளியே சொல்லி அந்தப் பிள்ளை வேலையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இரண்டு கட்டங்களுக்கும் இடையே பாதிக்கு மேல் இடைவெளி உள்ள நிறுவனங்களைப் பிரித்தெடுத்து, படிகளின் விவரத்தைக் கேளுங்கள். விளக்கம் சரியில்லை என்றால், நாங்கள் 7ஏ என்று சொல்லிப் பழகிய விசாரணையை நடத்துங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிடங்குகள், மீன் பதப்படுத்தும் கூடங்கள், ஏற்றுமதி அலுவலகங்களில் தொடங்கினாலே போதும்.

இந்த மாத ரிட்டர்ன் வருகிற 15-ஆம் தேதிக்குள் உங்கள் அலுவலகத் திரைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
தருவைகுளத்துக்காரன் ஒருவன்